மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு: கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): மேடம், என் மனைவிக்கு 44 வயது. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் பலவீனம். பாலிசி எடுக்கும்போதே அதைச் சொல்லிவிட்டோம். பாலிசி எடுத்து 14 மாதம் ஆகிறது. துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. பில் 2,38,000 ரூபாய். போலியோவின் பாதிப்பு, காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் ஏஜென்ட்.

பதில்: செய்ய நிறைய இருக்கிறது. முதலில் நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது Excl01 ஆகத்தான் இருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் பாலிசியிலும் ஒரே வாசகத்தில் வரும் விதி அது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரை பணம் தர மாட்டோம் என்கிறது. அதில் 'நேரடி' என்ற சொல் இருப்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

உடைந்தது போலியோ பாதித்த கால் அல்ல, நல்ல கால். விழுந்ததற்குக் காரணம் ஈரத் தரை. அந்தத் தரையில் யார் கால் வைத்திருந்தாலும் வழுக்கியிருக்கும். இடது கால் பலவீனமாக இருந்ததால்தான் விழுந்தார் என்பது அவர்களுடைய ஊகம். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதுதான்.

இந்த ஊகம் எங்கிருந்து வந்திருக்கும் தெரியுமா? நான் கிளெய்ம் பிரிவில் இருந்தபோது இப்படிப்பட்ட கோப்புகளில் முதலில் புரட்டுவது அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் எழுதிய முதல் பக்கத்தைத்தான். நோயாளிக்குப் போலியோ இருந்தால் அங்கே முதல் வரியிலேயே 'பி.பி.ஆர்.பி.' என்று எழுதுவார்கள். போலியோவுக்குப் பின் தங்கிவிட்ட செயலிழப்பு என்று பொருள். அடுத்த வரியில்தான் வழுக்கி விழுந்தது வரும். டாக்டர் எழுதியது பழைய விவரம் மட்டும். கிளெய்ம் பார்ப்பவர் இரண்டு வரியையும் சேர்த்துப் படித்து, முதலாவதை இரண்டாவதற்குக் காரணமாக்கிவிடுகிறார்.

அதனால் ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும். உடைந்தது வலது கால், அந்தக் காலில் போலியோ பாதிப்பு இல்லை, எக்ஸ்ரேயில் எலும்பு நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லாத, விழுந்ததால் ஏற்பட்ட முறிவு. டாக்டர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். 'இன்சூரன்ஸ் தர வேண்டும்' என்றெல்லாம் எழுதச் சொல்லாதீர்கள், கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடும். விபத்துப் பதிவேட்டில் பதிந்து ஏ.ஆர். காப்பி போட்டிருந்தால் அதையும் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம், மின்னஞ்சலில். அதில் இரண்டு கேள்வி கேளுங்கள். வலது தொடை முறிவு எப்படி இடது கால் போலியோவின் நேரடிச் சிக்கல் ஆகிறது? இந்த நிராகரிப்பு உங்கள் கிளெய்ம் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா? இரண்டாவது கேள்வியைச் சும்மா சொல்லவில்லை. குழு ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டாலே சில கோப்புகள் மறுபடி திறக்கும். அதே புகாரை bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். cioins.co.in தளத்திலும் மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

கேள்வி (சேலம்): போலியோ இருப்பதைப் படிவத்தில் போட வேண்டாம், போட்டால் பாலிசியே கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: போடுங்கள். ஈரோட்டுக்காரர் இன்று சண்டை போட முடிவதற்கு ஒரே காரணம் அவர் அன்றைக்குச் சொன்னதுதான். ஏஜென்ட்டின் கையில் வெற்றுப் படிவத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். நிரப்பிய பிறகு படித்து, நகல் வாங்கி வையுங்கள். தெரிந்தே வாங்கிக்கொண்ட உடல்நிலையைப் பிறகு காட்டி நிறுவனம் பின்வாங்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் மன்மோகன் நந்தா வழக்கில் சொன்னது. அந்தப் பாதுகாப்பு, சொன்னவருக்குத்தான்.

கேள்வி (மதுரை): மேடம், நான் வக்கீல். நீங்கள் சுற்றி வளைக்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால், பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறியப்பட்டது அல்லது சிகிச்சை, ஆலோசனை பெற்றது என்றுதான் வரையறை. 42 வருடத்துக்கு முன் வந்த போலியோ இதில் வரவே வராது. Excl01 பொருந்தாது, முடிந்தது.

பதில்: பாதி சரி சார். வரையறை அப்படித்தான், மனுவில் அதையும் ஒரு வாதமாக வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் மாட்டிக்கொள்வோம். அந்த அம்மா கடந்த மூன்று வருடத்தில் காலிப்பர் மாற்ற ஆஸ்பத்திரி போயிருந்தால்? முதுகுவலிக்குப் பிசியோதெரபி எழுதித் தந்திருந்தால்? மருத்துவ ஆலோசனை பெற்றார் என்று அதை நீட்டுவார்கள். நேரடிச் சிக்கல் இல்லை என்ற வாதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், வரையறையில் வரவில்லை என்பதற்காகப் படிவத்தில் மறைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'உடல் குறைபாடு உண்டா' என்று படிவம் தனியாகக் கேட்டால் அது வேறு கேள்வி.

கேள்வி (கோவை): நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். இரண்டு பேரும் எங்கள் உடலை நோய்ப் பட்டியலில் வைத்தே பேசுகிறீர்கள். ஊனம் நோயே இல்லை என்பதுதானே முதல் வாதமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாடு கூடாது என்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். ஆனால் ஆம்பட்ஸ்மேன் முன் இருப்பது பாலிசி ஒப்பந்தம். அதன் வாசகத்தை வைத்து ஜெயிப்பது எளிது. கொள்கையைப் பேச வேண்டிய இடம் உயர் நீதிமன்றம், அங்கே அது பலித்தும் இருக்கிறது. தண்டுவடக் காயம் பட்டவருக்குப் பாலிசி மறுத்த வழக்கில் 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு 2023 பிப்ரவரியில், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது.

கேள்வி (திருச்சி): எனக்கும் ஈரோட்டுக்காரர் கதைதான். ஆனால் உடைந்தது போலியோ கால். அப்போது?

பதில்: அது கஷ்டமான வழக்கு. பல வருடம் பாரம் தாங்காத காலில் எலும்பு மெலிந்திருக்கும். லேசாக இடறியதற்கே உடைந்தது என்று நிறுவனம் சொன்னால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். எப்படி விழுந்தீர்கள், எவ்வளவு உயரத்திலிருந்து, பார்த்தவர் யார் என்பதெல்லாம் முக்கியமாகிவிடும். பைக் மோதியது போன்ற பலமான அடி என்றால் வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள் நின்ற இடத்தில் விழுந்தது என்றால் எந்தப் பக்கமும் போகலாம்.

மதுரை: அந்த இடத்தில்தான் மேடம் என் 36 மாத வாதம் வேலை செய்யும்!

பதில்: திருச்சிக்காரருக்கு அது முதல் வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருட மருத்துவச் சீட்டுகளைப் பார்த்த பிறகு வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் மகனுக்கு ஆட்டிசம், 9 வயது. பேச்சுப் பயிற்சிக்கு எந்த பாலிசியில் பணம் தருவார்கள்?

பதில்: சாதாரண பாலிசியில் தேடி அலையாதீர்கள், பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பணம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் உள்வரம்போடு பணம் உண்டு. முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஊனச் சான்றிதழ் வேண்டும். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், செலவழித்த பிறகுதான் பணம் வரும்.

கேள்வி (வேலூர்): காலிப்பர், வாக்கர் வாங்கிய பில்?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி (நாகர்கோவில்): எனக்குக் காது கேட்காது. காது சம்பந்தமானது எதுவும் நிரந்தரமாகக் கிடையாது என்று பாலிசியில் போட்டிருக்கிறார்கள். போன மாதம் குடல்வால் ஆபரேஷனுக்கும் அதைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

பதில்: நிரந்தரமாக விலக்க அனுமதித்த நோய்ப் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது, அதனால் அந்த விலக்கு மட்டும் செல்லும். அதுவும் உங்கள் ஒப்புதல் கையெழுத்தோடு. ஆனால் குடல்வாலுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? ஈரோட்டுக்குச் சொன்ன அதே வழியில் உடனே போங்கள். இதில் டாக்டர் கடிதம்கூட வேண்டியதில்லை.

கேள்வி (கரூர்): சொல்லாமல் பாலிசி எடுத்து ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் பிறகு கேள்வி கேட்க முடியாதாமே?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்தால் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது, ஆனால் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். வேண்டுமென்றே மறைத்துவிட்டு அந்த 60 மாதத்துக்குள் ஆஸ்பத்திரி போக நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி (விழுப்புரம்): கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள். கிளெய்ம் போய்விட்டதா? ஏஜென்ட் படிவத்தில் என்ன எழுதினார் என்று தெரியாது.

பதில்: போகவில்லை. பணம் கட்டி டிஸ்சார்ஜ் ஆகி, எல்லா ரசீதோடும் பிறகு கேளுங்கள். படிவத்தின் நகலை இன்றே நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். இதோடு மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், படிவத்தின் நகல் கையில் இல்லாமல் யாரும் இருக்காதீர்கள்.

கேள்வி (ஓசூர்): என் தம்பி மனநல மருத்துவமனையில் இருந்தான். மனநோய்க்குப் பணம் இல்லை என்கிறார்கள்.

பதில்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4). உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. கடிதத்தில் இந்தப் பிரிவை எழுதுங்கள். காத்திருப்புக் காலம் மட்டும் பொருந்தலாம்.

கேள்வி (தேனி): அக்கா, எல்.ஐ.சி. ஆயுள் பாலிசியில் ஊனத்துக்குக் கூடுதல் பிரீமியம் போட்டிருக்கிறார்கள், சரியா?

பதில்: ஆயுள் காப்பீடு என் துறை இல்லை. அந்தக் கிளை மேலாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): எனக்கு மறுப்புக் கடிதம் வந்து 11 மாதம் ஆகிவிட்டது. நிறுவனத்துக்கு இதுவரை எதுவும் எழுதவில்லை. காலம் கடந்துவிட்டதா?

பதில்: கடக்கவில்லை. ஆனால் முறையீடு செய்யாமல் ஆம்பட்ஸ்மேனிடம் நேராகப் போக முடியாது. இன்றே குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கு வரும் மறுப்புப் பதிலிலிருந்து ஒரு வருடம் கணக்கு. பதிலே வராவிட்டால் ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட வரம்பு, அது மறுப்பு வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மின்னஞ்சல் அனுப்பிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் அச்சுப் பிரதியும் வேண்டும்.