ஆச்சியிடம் எப்படிக் குறைத்துக் கேட்பது?

காரைக்குடியில் 3 சென்ட் மனையில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். வீடு வாங்குவது எங்களுக்கு இதுதான் முதல்முறை. வீட்டுக்காரர் வயதான ஆச்சி, என் மாமனாருக்குத் தெரிந்தவர். தரகர் 38 லட்சம் என்கிறார். எங்களிடம் 10 லட்சம் இருக்கிறது, வங்கி 30 லட்சம் தரும். மாடியில் ஒரு மூலையில் நீர் கசிகிறது. ஆச்சி மனம் நோகாமல் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? - ஒரு வாசகி, கோட்டையூர்

பத்தும் முப்பதும் நாற்பது, வீடு 38, கையில் இரண்டு மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். பத்திரப்பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். 38 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 42 ஆயிரம். மாடிக் கசிவைச் சரிசெய்ய 1 லட்சத்து 20 ஆயிரம், தரகருக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 43 லட்சம் ஆகிறது. இதே கணக்கை 35 லட்சத்துக்குப் போட்டால் 39 லட்சத்து 70 ஆயிரத்தில் நிற்கும். மிச்சமுள்ள 30 ஆயிரம் வக்கீலுக்கும் பத்திரம் எழுதுவதற்கும். ஆக உங்கள் உச்சவரம்பு 35. அதை ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். தரகரிடம் மட்டும் காட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் உச்சவரம்பு தரகர் காதில் விழுந்த நிமிடமே அதுதான் வீட்டின் விலை. வங்கிகளுக்கு வீடு மதிப்பிடும் வேலையில் பல வருடம் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர் 34 கிடைத்தால் போதும் என்றிருப்பார், தரகர் 36 என்று சொல்லி நடுவில் இரண்டைத் தன் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு பக்கமும் கமிஷனும் வாங்குவார். என் உறவினர் ஒருவர் வாங்கிய வீட்டிலேயே இது நடந்தது. கிரயம் முடிந்து பல மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் விற்றவரோடு பேசும்போதுதான் தெரிந்தது. அதனால் 38 என்பது ஆச்சி வாயால் சொன்ன விலையா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. மாமனாரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். தரகரும் கூட இருக்கட்டும், ஆனால் விலை உங்கள் வாயிலிருந்து ஆச்சி காதுக்கு நேராகப் போகட்டும்.

போனவுடன் வீட்டைக் குறை சொல்லிப் பேரம் தொடங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். "தளம் போச்சு, வாசல் சரியில்லை" என்று அடுக்குவார்கள். ஆச்சி அந்த வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்தவர். அவருக்கு அது வீட்டின் விலையைக் குறைப்பதாகப் படாது, தன்னைக் குறைப்பதாகப் படும். உங்கள் கையிருப்பிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். இப்படி: "ஆச்சி, நீங்க சொன்ன விலை கூடுதல்னு நான் சொல்ல வரலை. எங்ககிட்ட இருக்கறதே இவ்வளவுதான். பத்திரச் செலவு போக, மாடி வேலையும் போக, எங்களால 34 கொடுக்க முடியும். மாடிக்குக் கொத்தனார் எழுதிக் கொடுத்த சீட்டு இதோ. உங்களுக்கு எது வசதின்னு சொல்லுங்க, சேர்ந்து பார்ப்போம்."

இதில் கொத்தனார் சீட்டு முக்கியம். போவதற்கு முன்பே ஒருவரை அழைத்து மாடியைப் பார்க்கச் சொல்லி, தட்டோடு பதிக்க எவ்வளவு, பூச்சுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நான் மேலே போட்ட 1.20 வெறும் கணக்குக்காக, உங்கள் சீட்டில் வருவதுதான் உண்மை. அந்தத் தாள் இல்லாமல் "ரிப்பேர் இருக்கு" என்றால் அது குறை சொல்வது. தாளோடு சொன்னால் செலவைப் பகிர்ந்துகொள்ளக் கேட்பது.

34 சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் பேசும்வரை நீங்களே 34.50 என்று ஏறிவிடாதீர்கள். ஆச்சி 36.50 என்பார் என்று வையுங்கள். நடுவில் பாதி என்று 35.25க்குப் போகக் கூடாது, அது உங்கள் வரம்பைத் தாண்டுகிறது. சிறிதாக ஏறுங்கள், ஏறும்போதெல்லாம் பணமில்லாத ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "தை பிறந்தபிறகு நீங்க சாமான் எடுத்தாப் போதும், 34.60." அடுத்து, "மோட்டாரையும் மரப் பீரோவையும் விட்டுட்டுப் போனா 35. அதுக்கு மேல எங்களால முடியாது ஆச்சி." தனியாக இருக்கும் வயதானவருக்குச் சில வேளை ஒரு லட்சத்தைவிட இரண்டு மாத அவகாசம் பெரிது. கேட்டால்தான் தெரியும்.

இந்த இடத்தில் தரகர் உங்களைத் தனியாக அழைத்து, "பத்திரத்தில் 28 போட்டுட்டு மீதி 7 ரொக்கமா கொடுத்துடுங்க, ஆச்சி 35க்கு ஒத்துக்குவாங்க" என்பார். கடன் வாங்குபவருக்கு இது தற்கொலை. வங்கி பத்திர விலை, தன் மதிப்பீடு இரண்டில் குறைந்ததை வைத்துத்தான் கடன் தரும். 28க்கு 90 சதவீதம் என்றாலும் 25 லட்சத்துச் சொச்சம்தான், உங்கள் 30 காணாமல் போகும். வீடு விற்கும் பேரில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. ஊரில் எல்லாரும் இப்படிக் குறைத்தே எழுதுவதால், பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று வில்லங்கச் சான்றில் பார்த்தாலும் உண்மை தெரிவதில்லை. வழிகாட்டி மதிப்பு ஒரு எண், பத்திரம் ஒரு எண், கைமாறியது ஒரு எண். முதல்முறை வாங்குகிறவர் எதை நம்பி விலை கேட்பது என்று எந்த அலுவலகமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று, செட்டிநாட்டில் மட்டும் இதை விடவே கூடாது. மேலே சொன்ன பேச்செல்லாம் வீடு ஆச்சி ஒருவர் பெயரில் இருந்தால்தான். பட்டாவும் பத்திரமும் காலமான ஐயா பெயரில் இருந்தால், நீங்கள் ஆச்சியோடு பேசி முடித்தது பாதிப் பேச்சுகூட இல்லை. பிள்ளைகள் எல்லாரும், கல்யாணமாகிப் போன மகள்களும் சேர்த்து, கையெழுத்துப் போட வேண்டும். 35க்கு ஆச்சி சரி என்ற மறுவாரம் சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன் செய்து "40க்குக் குறைந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார், உங்கள் மரியாதையான பேச்செல்லாம் வீண். அவர் வர முடியாமல் பவர் அனுப்பினால், அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். அதனால் விலை பேசும் முன் ஆச்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஆச்சி, பத்திரத்துல யார் யார் கையெழுத்துப் போடணும்?" வாரிசுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர் இருந்தால், எல்லாரும் ஒரே போன் அழைப்பில் இருக்கும்போது 34 என்று சொல்லுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம், "நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்று தரகர் எத்தனை தடவை சொன்னாலும்.