தம்பியின் விலைத்தாளைத் திறந்து பாருங்கள்

கேள்வி: தம்பியும் நானும் ஆவணங்களை ஸ்கேன் செய்து மின்வடிவாக்கித் தரும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். ஓர் ஆவணக் காப்பகம் தனித்தாள்களும் தைத்த பதிவேடுகளுமாக ஏறத்தாழ 2,00,000 பக்கங்களுக்கு முறையான முன்மொழிவுக் கோரிக்கை விடுத்திருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு 70 மதிப்பெண், விலைக்கு 30. விலையைக் கடவுச்சொல் இட்ட தனிக் கோப்பில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பொருத்தத்தையும் விலை அணுகுமுறையையும் முகப்பு மின்னஞ்சலில் எடுத்துச் சொல்ல வேண்டும். நிறுவன வரலாற்றில் தொடங்கி, 'எல்லாம் அடங்கிய, போட்டிக்கு ஈடான ஒரே விலை' என்று முடித்திருக்கிறேன். மொத்தத் தொகையையும் மடலிலேயே எழுதிவிடலாமா? விலைத்தாளைத் தம்பி போட்டு வைத்திருக்கிறான். வேலை நெருக்கடியில் நான் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மடல் எடுபடுமா என்று அச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகி

பதில்: விலைத்தாளைத் திறந்து பார்க்காமலேயே விலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி முடித்திருக்கிறீர்கள். மடல் எடுபடுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வர வேண்டியது. 'ஒரே விலை' என்று எழுதினீர்களே, அது ஒரே விலைதான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? 'எல்லாம் அடங்கிய' என்றீர்களே, எவையெல்லாம் அடங்கும் என்று தம்பியிடம் கேட்டீர்களா? அந்த இரண்டு சொற்களும் அழகாக ஒலித்ததால் மடலுக்குள் வந்தவை என்றே நினைக்கிறேன். விலை கேட்கும் நிறுவனத்துக்கு அவை வாக்குறுதிகள்.

தைத்த பதிவேடுகளைக் கையாளும் எவரும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விலை போடத் தயங்குவார். தனித்தாளைத் தாளூட்டி கொண்ட ஸ்கேனரில் அடுக்கி வைத்தால் அது தானாக இழுத்துக்கொள்ளும். தைத்த பதிவேட்டை அப்படிச் செய்ய முடியாது. மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனரின் கீழே விரித்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் கையால் புரட்டி, தையலோரத்தில் எழுத்து வளைகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். உங்கள் தம்பி தொழில் தெரிந்தவராக இருந்தால் விலைத்தாளில் இரண்டு அலகு விலைகள் இருக்கும். விலைத்தாள் இரண்டு விலை என்று சொல்ல, மடல் ஒரே விலை என்று சொன்னால், ஒரே வீட்டிலிருந்து இரண்டு வாய்கள் இரண்டு பேச்சுப் பேசுவதாகக் காப்பகத்தின் கொள்முதல் அலுவலர் புரிந்துகொள்வார். விளக்கம் கேட்பது அவருடைய பெருந்தன்மை. முரண்பட்ட விலை என்று ஒதுக்கிவிடுவதற்கும், உங்களுக்குப் பாதகமான வாசகத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அவருக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2,00,000 பக்கங்களில் 1,40,000 தனித்தாள், 60,000 தைத்த பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தாள் பக்கம் ஒன்றுக்கு உங்களுக்கு ஆகும் செலவு 1 பங்கு என்றால், தைத்த பக்கத்துக்கு 3 பங்கு ஆகிறது என்று கொள்வோம். மொத்தச் செலவு 1,40,000 பங்கும் 1,80,000 பங்கும் சேர்ந்து 3,20,000 பங்கு. இதையே சராசரியாக்கி ஒரே விலையாகப் போட்டால் பக்கத்துக்கு 1.6 பங்கு வரும். இப்போது வேலை கைக்கு வந்து, பெட்டிகளைத் திறந்த பிறகு, தைத்த பக்கங்கள் 60,000 அல்ல, 1,00,000 என்று தெரிகிறது. மொத்தப் பக்கம் அதே 2,00,000தான். ஆகவே உங்களுக்கு வரும் பணமும் அதே 3,20,000 பங்குதான். செலவோ 4,00,000 பங்காக உயர்ந்துவிடும். 80,000 பங்கு, அதாவது செலவில் ஐந்தில் ஒரு பகுதி, கைவிட்டுப் போகிறது. இலாபத்தை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அந்த இழப்பை யார் சுமப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மடல் எழுதிய நீங்கள் சுமக்கப்போவதில்லை. ஸ்கேன் அறையில் இரவும் பகலும் நின்று பதிவேடு புரட்டப்போகும் உங்கள் தம்பியும், அவரை நம்பி வேலைக்கு வந்தவர்களும்தான் சுமப்பார்கள். குடும்பமாகத் தொழில் செய்கிறவர்களிடம் நான் ஓயாமல் காணும் குறை இது: ஒருவர் கணக்குப் பார்ப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வேலையை முடிப்பார், மற்றவர் செய்ததைப் படிப்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணிக்கொண்டு படிக்காமலே விட்டுவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூத்தவர் என்ற முறையில் இளையவர் உழைத்துப் போட்ட கணக்கை வரிக்கு வரி படிப்பது உங்கள் கடமை. நேரமில்லை என்பதை இந்த ஒரு விஷயத்தில் நான் காரணமாக ஏற்கமாட்டேன். மடலுக்கு நேரம் கிடைத்ததே.

விலைத்தாளைத் திறந்ததும் மூன்றைத் தேடுங்கள். அலகு விலைகள் எத்தனை, அவை எந்த வகைப் பக்கத்துக்கு? எந்தெந்த எண்ணிக்கைகளை ஊகமாகக் கொண்டு மொத்தம் போடப்பட்டிருக்கிறது? எவை விலைக்குள் அடங்கும், எவை அடங்கா? படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணர்தல், கோப்புப் பெயரிடல், மூல ஆவணங்களை எடுத்துவருவதும் திருப்பித் தருவதும், தெளிவற்ற படங்களை மறுபடி எடுப்பது ஆகியவைதாம் பின்னாளில் தகராறு கிளப்புகிறவை. மடலின் விலைப் பத்தி இந்த மூன்றையும் சொற்களாகச் சொன்னால் போதும். அதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம்.

தொகையை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதவே கூடாது. விலையைத் தனிக் கோப்பில், அதுவும் கடவுச்சொல்லோடு கேட்கிறார்கள் என்றால், தொழில்நுட்ப மதிப்பெண் இடுகிறவர்களின் கண்ணில் விலை பட்டுவிடக்கூடாது என்பது அதன் பொருள். உலக வங்கி நிதியில் தரத்தையும் செலவையும் சேர்த்துப் பார்த்து ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும், தொழில்நுட்ப மதிப்பீடு முடிந்த பிறகே விலை முன்மொழிவைத் திறக்கிறார்கள். முகப்பு மடலில் தொகை தெரிந்துவிட்டால், பல கோரிக்கைகளின் விதிப்படி முன்மொழிவையே நிராகரிக்கலாம். தொகை மட்டுமன்று, 'தைத்த பக்கத்துக்கு மூன்று மடங்கு' என்ற விகிதத்தைக்கூட எழுதாதீர்கள். கடவுச்சொல்லையும் அதே மின்னஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள். அதை எப்போது, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கோரிக்கையில் சொல்லியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

அப்படியானால் விலைப் பத்தி எப்படி இருக்கும்? தம்பியின் தாளில் நான் ஊகித்தது போலவே இருந்தால், இப்படி எழுதலாம்: "எங்கள் விலை, தனித்தாளுக்கும் தைத்த பதிவேட்டுக்கும் தனித்தனி அலகு விலையாக அமைக்கப்பட்டுள்ளது, ஆகவே இறுதி எண்ணிக்கை மாறினாலும், உண்மையில் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களுக்கு மட்டுமே கட்டணம் வரும். எழுத்துணர்தலும், எங்கள் பிழையால் தெளிவற்றுப்போன படங்களை மறுபடி எடுப்பதும் அலகு விலைக்குள் அடங்கும். ஆவணங்களை எடுத்துவரும் செலவு தனி வரியாகக் காட்டப்பட்டுள்ளது. ஊகங்கள் அனைத்தும் விலைக் கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளன. இவ்விலை கோரிக்கையில் குறிப்பிட்ட காலம் முழுவதும் செல்லுபடியாகும்." ஒரு எண்கூட இல்லாமலேயே விலையின் நியாயம் இதில் தெரிகிறது. 'போட்டிக்கு ஈடான' என்பதை எடுத்துவிடுங்கள். அதை எழுதாதவர் எவருமில்லை. ஈடா இல்லையா என்பதை அவர்கள் விலைகளை அருகருகே வைத்துத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சிக்கல் எழக்கூடும். காப்பகம் தந்திருக்கும் விலைப் படிவத்தில் 'பக்கம் ஒன்றுக்கு விலை' என்று ஒரே கட்டம் மட்டும் இருக்கலாம். கேள்விகள் அனுப்பும் கடைசி நாள் தாண்டவில்லையென்றால், தைத்த பதிவேடுகளுக்குத் தனி வரி தர முடியுமா என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். நாள் தாண்டியிருந்தால் சராசரி விலை போடுவதைத் தவிர வழியில்லை. அப்போது தைத்த பக்கங்கள் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விலைக் கோப்புக்குள் எழுதலாமா என்பதைக் கோரிக்கையின் விதியைப் படித்து முடிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் நிபந்தனையோடு வரும் விலையை ஏற்பதில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்றால், ஆபத்துக்கும் சேர்த்து விலையை உயர்த்த வேண்டும்; இல்லையேல் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். விட்டுவிடும் முடிவை நீங்கள் தனியாக எடுக்காதீர்கள், தம்பியும் தனியாக எடுக்கக்கூடாது.

பொருத்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நிறுவன வரலாற்றை மடலிலிருந்து நீக்கி இணைப்புக்கு அனுப்புங்கள். 70 மதிப்பெண்ணை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எதற்கு அதிகம் தருகிறார்களோ அதிலிருந்து மடல் தொடங்கட்டும். பழுதடைந்த பதிவேடுகளைச் சேதமின்றிக் கையாள்வதற்கு அதிக மதிப்பெண் என்றால், முதல் வாக்கியமே அதைப் பற்றியதாக இருக்க வேண்டும்: எவ்வகைப் பதிவேடுகளை இதற்கு முன் எடுத்தீர்கள், தையலைப் பிரிக்காமல் எடுத்தீர்களா, அதற்கான சான்று தொழில்நுட்பக் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. கோரிக்கையின் பிரிவு எண்ணையும் உங்கள் கோப்பின் பக்க எண்ணையும் அடுத்தடுத்து எழுதினால், மதிப்பெண் இடுகிறவர் தேட வேண்டியிராது. அவர்கள் கேட்ட ஒன்று உங்களிடம் முழுமையாக இல்லையென்றால் அதையும், அதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நேர்முக விளக்கத்தின்போது கட்டாயம் வெளிவரும்.

மற்றவை சிறியவை, ஆனால் தவறவிட்டால் வெளியே நிற்க வேண்டிவரும். பொருள் வரியில் கோரிக்கையின் குறிப்பெண் அப்படியே இருக்கட்டும். இடையில் திருத்த அறிவிப்புகள் வந்திருந்தால், அவற்றைப் பெற்றுக்கொண்டோம் என்று எண்ணிட்டு எழுதுங்கள். இணைப்புகளின் பெயர்களை மடலின் கீழே வரிசையாகத் தாருங்கள். கோப்புகளின் அளவு அவர்கள் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய இணைப்புகளை அஞ்சல் சேவையகம் திருப்பி அனுப்பிவிட்ட செய்தி, நேரம் முடிந்த பிறகு வந்து சேர்வது புதிதன்று. கோரிக்கையில் பெயர் குறித்த தொடர்பாளரைத் தவிர வேறு எவரையும் அழைக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இன்றிரவு விலைத்தாளையும் விலைப் பத்தியையும் தம்பியின் முன் வைத்து உரக்கப் படியுங்கள். அவர் எங்கே தலையாட்ட மறுக்கிறாரோ அங்கே நிறுத்தி, தாள் தவறா, பத்தி தவறா என்று இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தாள்தான் தவறென்றால், கடவுச்சொல் இட்டுப் பூட்டும் முன் அவர் கையாலேயே அதைத் திருத்தட்டும். பத்தி தவறென்றால் நீங்கள் திருத்துங்கள். அதன் பிறகு, கையொப்ப அதிகாரம் யாருக்கு என்று கோரிக்கை கேட்டிருக்கிறதோ அவர் பெயரில், முடிவு நேரத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று அந்தத் தொடர்பாளரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள்.