எத்தனை செடி அல்ல, எத்தனை பாத்தி

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டையில் மூன்று உரங்களை ஒப்பிடுகிறேன். சீட்டுப் போட்டு, ஒவ்வொரு உரத்துக்கும் மூன்று பாத்தி ஒதுக்கினேன். பாத்திக்குப் பத்துச் செடி வீதம் 90 செடிகளில் காய் எண்ணினேன். ஒருவழி அனோவாவில் F = 6.01, Sig. = .004 வந்தது. அடுத்து, எந்த உரம் எதிலிருந்து வேறுபடுகிறது என்று பார்க்க டூக்கி சோதனை போடுவதா, டங்கன் போடுவதா? காய் எண்ணிக்கை இயல்நிலைப் பரவலில் இல்லை, அது தப்பா?

ர., கடலூர்

அன்புள்ள ர.,

இயல்நிலைப் பரவல் கவலையை விடுங்கள். பத்துச் செடியின் சராசரியை எடுத்தால் அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். டூக்கியா டங்கனா என்றால் டூக்கி. டங்கன் கொஞ்சம் தாராளமாக 'வித்தியாசம் உண்டு' என்று சொல்லிவிடும். ஆனால் நீங்கள் அந்தக் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த 90 என்ற எண்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கரையோரம் இறால் வளர்த்து ஆய்வு செய்தவன் நான். மூன்று தீவனம், மூன்று தொட்டி, தொட்டிக்கு நாற்பது இறால். ஒவ்வொன்றையும் ஈரம் ஒற்றி எடுத்து எடை போட்டேன், எட்டு மாதம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தீவனத்துக்கு எத்தனை தொட்டி?" ஒன்று என்றேன். "அப்படியானால் நீங்கள் மூன்று தொட்டிகளை ஒப்பிட்டிருக்கிறீர்கள், மூன்று தீவனங்களை அல்ல." அதிக எடை காட்டிய தொட்டி காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. தீவனத்தின் வேலையா, காற்றின் வேலையா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட இதை என்னிடம் கேட்கவில்லையே என்ற கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் கடுமையாகப் பேசுகிறேன்.

F என்பது ஒரு வகுத்தல். மேலே, உரங்களின் சராசரிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது. கீழே, ஒரே உரம் போட்ட இடங்களுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பது. கீழே இருப்பதுதான் அளவுகோல். நீங்கள் உரத்தைச் செடிக்கா போட்டீர்கள்? பாத்திக்குப் போட்டீர்கள். ஒரு பாத்தியின் பத்துச் செடியும் ஒரே மண்ணில் நின்று ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன. வாய்க்கால் ஓரத்துப் பாத்தி என்றால் பத்துமே செழிக்கும். அவை பத்துத் தனித்தனிச் சாட்சிகள் அல்ல, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையிலிருந்து பாத்திச் சராசரிகளை எடுத்தேன். தொழுவுரம் 18, 20, 22. வேப்பம்புண்ணாக்கு 19, 22, 25. மண்புழு உரம் 21, 24, 27. உரச் சராசரிகள் 20, 22, 24. மொத்தச் சராசரி 22.

உரங்களுக்கு இடையே: விலகல்கள் –2, 0, 2. வர்க்கங்களின் கூடுதல் 8, உரத்துக்கு மூன்று பாத்தி என்பதால் 24. மூன்று உரம் என்பதால் கட்டின்மைக் கூறு ஒன்று குறைந்து 2. 24-ஐ அதால் வகுத்தால் 12.

உரத்துக்குள்: ஒவ்வொரு பாத்தியும் தன் உரச் சராசரியிலிருந்து விலகியதன் வர்க்கங்கள், 8 + 18 + 18 = 44. ஒன்பது பாத்தியில் மூன்று உரம் போக, கட்டின்மைக் கூறு 6. 44-ஐ அதால் வகுத்தால் 7.33.

F = 12 / 7.33 = 1.64. 2, 6 என்ற கூறுகளுக்கு 5 சதவீத எல்லை 5.14. 1.64 அதைத் தொடவே இல்லை. உங்கள் வெளியீட்டில் Sig. என்று வரும் p மதிப்பு 0.27.

சரி, உங்கள் 6.01 எங்கிருந்து வந்தது? பாத்திக்குப் பத்துச் செடி என்று போட்டதும் மேலே இருந்த 24 பத்து மடங்காகி 240 ஆனது. இரண்டால் வகுத்தால் 120. கீழே, பாத்திக்குப் பாத்தி உள்ள வித்தியாசம் செடிக்குச் செடி உள்ள வித்தியாசத்தோடு கலந்து 1736 ஆகி, 87 என்ற பெரிய எண்ணால் வகுபட்டு 19.95 ஆகச் சுருங்கிவிட்டது. 120-ஐ அதால் வகுத்தால் 6.01. கணினி தப்பாகக் கணக்குப் போடவில்லை. நீங்கள் 90 தனி இடம் என்று சொன்னீர்கள், அது நம்பியது. வெளியீட்டில் உரத்துக்குள் என்பதைக் காட்டும் Within Groups வரிசையில், கட்டின்மைக் கூறாகிய df 87 என்று நின்றதே, அங்கேயே உங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? உரம் வாங்கியது ஒன்பது பாத்தி. அந்த இடத்தில் 6-க்கு மேல் வரவே கூடாது.

இந்தப் பிழையைச் சுட்டி, 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். போலி மறுசெய்கை என்று நாம் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

1.64 வந்ததால் மூன்று உரமும் ஒன்றுதான் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மூன்று பாத்தியில் இந்த அளவு வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். பாத்திக்கு முப்பது செடி எண்ணினாலும் பாத்திச் சராசரி கொஞ்சம் துல்லியமாகும், கட்டின்மைக் கூறு 6 மட்டும் 6-ஆகவே இருக்கும். உரத்துக்கு ஆறு பாத்தி போட்டால் அது 15 ஆகும், எல்லையும் 3.68-க்கு இறங்கும்.

மார்கழிப் பட்டத்துக்கு விதைக்குமுன் பதினெட்டுப் பாத்தி கட்டுங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். பாத்திக்கு ஐந்து செடி எண்ணினால் போதும், அதே 90 செடிதான்.