டெஸ்டிங் வேலைக்கு அனுபவத்துக்குப் பதிலாக எதைக் காட்டுவது?

"மேனுவல் டெஸ்டிங் கோர்ஸ் முடிச்சிட்டேன். எல்லாரும் அனுபவம் கேட்கிறாங்க. போர்ட்ஃபோலியோவில் என்ன போடுறது?"

மாதிரி லாகின் பக்கத்துக்கு எழுதின டெஸ்ட் கேஸ்களை வைக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க. GitHub-இல் இப்பவும் அப்டேட் வருகிற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஒன்றை எடுத்து, அதில் நிஜமான பிழைகளைக் கண்டுபிடிச்சுப் பதிவு பண்ணுங்க.

உதாரணமா, ஒரு செலவுக் கணக்கு ஆப். குறிப்பில் "பேனா, நோட்டு" என்று காற்புள்ளியோடு எழுதி, CSV-ஆக ஏற்றுமதி செய்து பாருங்க. அந்தக் குறிப்பை ஆப் மேற்கோள் குறிக்குள் போடலைன்னா, அது இரண்டு கட்டமா உடைஞ்சு, குறிப்புக்குப் பின்னாடி தொகை இருந்தா அது அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். ஆப் பதிப்பு, செய்த படிகள், வந்திருக்க வேண்டியது, வந்தது, கூடவே அந்தக் கோப்பு: அறிக்கைக்கு இவ்வளவு போதும். காற்புள்ளி இல்லாமல் சரியா வருதுன்னும் சோதிச்சு எழுதுங்க. காரணத்தைத் தனியாப் பிரிக்கத் தெரியும்னு காட்டுறது அந்த ஒரு வரிதான்.

பதிவதற்கு முன்னாடி, மூடப்பட்ட பதிவுகளிலும் தேடுங்க. ஏற்கெனவே இருந்தா "duplicate" என்று மூடிடுவாங்க. டெவலப்பரே உறுதிசெய்து திருத்தின நாலைந்து பதிவுகளின் இணைப்பை ரெஸ்யூமேயில் மேலேயே போடுங்க. டீமில் வேலை பார்த்த அனுபவத்துக்கு இது ஈடாகாது, ஆனா நேர்காணலில் பேச உங்க சொந்த வேலை இருக்கும்.