முதல் மாத்திரை பலன் தரவில்லையா? விறைப்பு மாத்திரை பற்றிய கேள்வி பதில்

ஆண்களின் பாலியல் பிரச்சினைகளைப் பார்க்கும் மருத்துவர் நான். முதல் மாத்திரையிலேயே மனம் உடைந்துபோய் மருந்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், இந்த முறை அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டேன்.

டாக்டர், 50 மி.கி. சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டேன்: மட்டன் பிரியாணி, சிக்கன் 65. பத்து மணிக்கு மாத்திரை. பத்தே முக்கால் வரை பார்த்தேன், ஒன்றுமே இல்லை. எனக்கு இந்த மருந்து ஒத்துக்காதா? (38 வயது, திருச்சி)

அதைச் சொல்ல இந்த ஒரு ராத்திரி போதாது. நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி வயிற்றில் போட்டால் இந்த மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு உள்ளே இருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மாத்திரை உறிஞ்சப்படுவது குடலில். அதுவரை அது பிரியாணியோடு மேலேயே காத்துக் கிடக்கும். இதனால் உச்சம் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். உச்ச அளவும் சுமார் 30 சதவீதம் குறையும்.

அதாவது உங்களுக்கு உச்சம் நள்ளிரவு வாக்கில் வந்திருக்கும், அதுவும் குறைந்த அளவில். நீங்கள் பத்தே முக்காலுக்கே முடிவு கட்டிவிட்டீர்கள். பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் முகம் சூடானதா, மூக்கு அடைத்ததா, தலை கனத்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆம் என்றால் மருந்து ரத்தத்துக்கு வந்திருக்கிறது, தாமதமாக. எல்லோருக்கும் இந்த அறிகுறிகள் வருவதில்லை. அதனால் அவை வராததை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்த முறை, குறைந்தது 24 மணி நேரம் கழித்து, அதே 50 மி.கி.யையே போடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் இட்லி, இடியாப்பம் மாதிரி எளிதாக முடித்துக்கொண்டு ஒன்பதரைக்கு மாத்திரை. பத்தரையிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரம் உங்களுக்கு வசதியான நேரம். அன்றைக்குக் குடிக்காதீர்கள். ஒரு முறை பலிக்கவில்லை என்பதற்காக அதே ராத்திரி இரண்டாவது மாத்திரை போடவே கூடாது. தாமதமான முதல் மாத்திரையும் இரண்டாவதும் சேர்ந்துகொண்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

கொழுப்பு கூடாது என்று படித்ததால் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்து மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரம் மொபைல் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தானாக எழும்பவே இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள்? (45, சேலம்)

படித்தது சரிதான், ஆனால் பட்டினி தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் லேசாகச் சாப்பிட்டிருந்தால் போதும். மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் களைத்துப்போன உடம்போடு படுக்கைக்குப் போனது உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கும்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது, தானாக விறைப்பையும் கொண்டுவராது. தொடுதல், நெருக்கம், கிளர்ச்சி இருக்கும்போது ஆணுறுப்பின் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும். அது ரத்தக் குழாய்களைத் தளரவைக்கும் ஒரு பொருளைச் சுரக்கச் செய்யும். அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. மாத்திரை தடுப்பது அந்த நொதியைத்தான். கிளர்ச்சியே இல்லையென்றால் சுரப்பும் இல்லை, மாத்திரை காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 'வருதா, வருதா' என்று கவனித்துக்கொண்டே இருப்பது இன்னும் கெடுதல், ஏனென்றால் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அதே குழாய்களைச் சுருக்கிவிடும். அடுத்த முறை மாத்திரை போட்டுவிட்டு மனைவியோடு பேசிக்கொண்டிருங்கள், அருகில் இருங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம்.

டாக்டர், என் கணவருக்காகக் கேட்கிறேன். அவருக்கு 54 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி 50 மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார். கொஞ்சம் எழுந்து உடனே தளர்ந்துவிட்டது. 'இனி வேண்டாம்' என்கிறார். நான் என்ன செய்வது? (கோயம்புத்தூர்)

அம்மா, நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தருவதே அந்தக் 'கொஞ்சம் எழுந்து' என்பதுதான். அவருக்கு வழி இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம்.

25 மி.கி. என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், மருந்தை உடம்பில் தேக்கிவைக்கும் சில மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் தொடங்கும் அளவு. மற்றவர்களுக்கு 50-இல் ஆரம்பிப்பதே வழக்கம். நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பும் ரத்தக் குழாயின் உள்சுவரும் பழுதாகும், நான் மேலே சொன்ன நைட்ரிக் ஆக்சைடே குறைவாக வரும். அதனால் இவர்களில் பலருக்கு 100 மி.கி. வரை போகவேண்டியிருக்கும். அப்போதும் எல்லோருக்கும் முழுப் பலன் கிடைக்காது.

ஆனால் நீங்களாக 100 வாங்கிக் கொடுக்காதீர்கள். அவருடைய ரத்த அழுத்தம், இதயம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அளவைக் கூட்ட வேண்டும். புரோஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். காலையில் எட்டிலிருந்து பத்து மணிக்குள் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோனும் பார்த்துவிடலாம். அது குறைவாக இருக்கிற ஆண்களிடம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பலன் வராமல் போவதுண்டு. முடிந்தால் டாக்டரிடம் நீங்களும் கூடவே போங்கள். தனியாக வரும் ஆண்கள் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கிறேன் டாக்டர். டாடாலாஃபிலுக்குச் சாப்பாட்டுத் தொல்லை இல்லை, பிரியாணிக்காரர்களுக்கு அதையே கொடுத்துவிடலாமே? அப்புறம், எட்டு முறை முயன்ற பிறகுதான் தோல்வி என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் யாரும் அத்தனை முறை காத்திருப்பதில்லை. (தஞ்சாவூர்)

சாப்பாடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் டாடாலாஃபில் உச்சத்துக்கு வர சராசரியாக இரண்டு மணி நேரம் ஆகும். அரை மணியில் வேலை செய்யும் என்று கடையில் யாராவது சொல்லி அனுப்பினால், அவரும் 'தோல்வி' என்றுதான் திரும்பி வருவார். பலன் 36 மணி நேரம் வரை நீடிப்பதால், வெள்ளி சாயங்காலம் போட்டால் சனி ராத்திரிக்கும் உதவும். தினமும் 5 மி.கி. சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அளவு நிலைப்படவே ஐந்து நாள் வேண்டும். முதல் நாளை வைத்து எடைபோடக் கூடாது. எதுவானாலும் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள், இதய மாத்திரை பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை.

எட்டு என்ற எண்ணிக்கை சும்மா வந்ததல்ல. ஒவ்வொரு முயற்சியிலும் வெற்றி பெறுகிறவர்கள் கூடிக்கொண்டே போய், ஆறு, எட்டு முறைக்கு மேல் அந்த ஏற்றம் நின்றுவிடுவதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் ஏற்கும் அதிகபட்ச அளவில், சரியான முறையில் போட்ட முயற்சிகளைத்தான் எண்ண வேண்டும். நான் 50-இல் எட்டு வரை காத்திருப்பதில்லை. மூன்று, நான்கு முறை ஒழுங்காகப் போட்டும் பலன் அரைகுறை, பக்க விளைவும் இல்லை என்றால் 100-க்குப் போகிறேன். இன்னும் பொறுக்கலாம் என்கிற மருத்துவர்களும் உண்டு. இதில் எங்களுக்குள் ஒரே கருத்து கிடையாது.

எனக்கும் மாத்திரை வேலை செய்யவில்லை சார். விறைப்பு நன்றாகவே வருகிறது, ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 100 போடலாமா? (29, சென்னை)

தம்பி, உங்களுக்கு மாத்திரை தோற்கவில்லை, உங்கள் பிரச்சினையே வேறு. விந்து முந்துவதை சில்டெனாஃபில் தீர்க்காது. அளவைக் கூட்டினால் தலைவலிதான் கூடும். முந்துவதற்கு வேறு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் நீங்கள் எழுதிய இரண்டாவது வரியை அப்படியே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது, நண்பரிடம் வாங்கிய ஒரு மாத்திரை போட்டுப் பலன் இல்லையாம், இன்னொன்று கேட்கிறார். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். (நாகர்கோவில்)

கொடுக்காதீர்கள். அந்த நாக்கடி மாத்திரை பெரும்பாலும் ஐசோசார்பைடு, நைட்ரேட் வகை. அதோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், டாடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நெஞ்சு வலி வந்தால் அதை நாக்கடியில் வைக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக இந்த மாத்திரை போட்டதைச் சொல்லுங்கள். நண்பர் கொடுத்தது எது என்றே தெரியாததால் 48 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது. அவருக்கு வேறு வழிகள் உண்டு. இதய மருத்துவரைக் கேட்டுத்தான் எதுவும்.

மூன்று மாதமாகக் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். முன்பு 50 போட்டாலே நன்றாக இருந்தது, இப்போது தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது. மாத்திரை போலியா? (40, வேலூர்)

அட்டையில் தயாரிப்பு எண், காலாவதித் தேதி இருந்து, அதே கடையில் வாங்கியது என்றால் நான் முதலில் போலியைச் சந்தேகிக்க மாட்டேன். ரிஃபாம்பிசினைத்தான் சந்தேகிப்பேன். அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். நீங்கள் போடும் மாத்திரையில் பெரும்பகுதி பலன் தருவதற்கு முன்பே சிதைந்துவிடும். டாடாலாஃபிலுக்கு மாறினாலும் இதே கதைதான். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி ஆகும்.

இதற்காகக் காசநோய் மருந்தை ஒரு நாள்கூட விடாதீர்கள். ஈடுகட்டுவதற்காக இரண்டு மூன்று மாத்திரையாகப் போடவும் வேண்டாம். சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு நொதிகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு, நீங்கள் முன்பு போட்ட அதே 50-ஐ லேசான சாப்பாட்டுக்குப் பின் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் வேண்டுமென்றால், ஆணுறுப்புக்கு ரத்தத்தை இழுத்து விறைப்பு தரும், மருந்தில்லாத வெற்றிடக் கருவி ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.