பணம் போய்ச் சேர்ந்தும் பில் மூடவில்லை என்றால்

கேள்வி: சிராங்கூன் ரோட்டில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், பிரைவேட் லிமிடெட். ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து 18,600 வெள்ளிக்குச் சரக்கு வந்தது. 10,000 வெள்ளியை என் சொந்தக் கணக்கிலிருந்தும், மீதியைத் தேக்காவில் பணம் அனுப்பும் கடை மூலம் மூன்று தடவையாகவும் அனுப்பிவிட்டேன். இப்போது சப்ளையர், "பணம் வரவில்லை என்கிறது வங்கி, கெடு தாண்டினால் எனக்குச் சிக்கல்" என்கிறார். நான் ஏதாவது விதியை மீறிவிட்டேனா?

பதில்: சிங்கப்பூரில் இல்லை. இங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் 1978 ஜூன் 1-ஆம் தேதியோடு முழுவதும் நீக்கப்பட்டன. வெளிநாட்டு சப்ளையருக்கு எந்த நாணயத்தில், எப்போது கட்டுவது என்பது உங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். நாளை நீங்களே வெளிநாட்டுக்குச் சரக்கு விற்றாலும், அந்தப் பணத்தை இத்தனை மாதத்துக்குள் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இங்கே கிடையாது.

கெடு உங்கள் சப்ளையருக்குத்தான். இந்தியாவின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி, ஏற்றுமதி செய்தவர் முழு மதிப்பையும் குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முன்பு 9 மாதமாக இருந்ததை 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 15 மாதமாக்கியது. கணக்கு ஏற்றுமதி தேதியிலிருந்து ஓடும், நீங்கள் சரக்கைப் பெற்ற நாளிலிருந்து அல்ல. சரக்கு அங்கிருந்து ஜனவரியிலேயே ஏற்றுமதியாகியிருந்தால், அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினால், ஏற்றுமதிக்காகத் திரும்பப் பெற்ற ஜிஎஸ்டியை வட்டியோடு கட்டும் நிலை அவருக்கு வரலாம். அவர் பதறுவதில் நியாயம் உண்டு.

சரி, பணம் போயும் ஏன் வரவில்லை என்கிறார்கள்? சரக்கு கப்பலேறும்போது பதிவான ஷிப்பிங் பில், ரிசர்வ் வங்கியின் EDPMS என்ற கணினி முறையில் திறந்த கணக்காக நிற்கும். வரும் பணத்தை வங்கி அந்த பில்லோடு பொருத்தினால்தான் கணக்கு மூடும். பொருத்தப் பார்ப்பது மூன்று விஷயம்: அனுப்பியவர் பெயர், பணம் வந்த காரணம், தொகை. உங்கள் விஷயத்தில் மூன்றுமே இடறுகின்றன.

முதலில் அந்த 10,000. பில் உங்கள் கம்பெனி பெயரில், பணம் உங்கள் பெயரில். தனியுரிமைக் கடை என்றால் நீங்களும் கடையும் ஒன்றே. பிரைவேட் லிமிடெட்டில் நீங்கள் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் கட்டுவதை இந்தியா தடுக்கவில்லை, ஆனால் அதற்கான காரணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில், "இந்த இன்வாய்ஸுக்காக எங்கள் இயக்குநர் தன் கணக்கிலிருந்து கட்டினார்" என்று எழுதி, ஆர்டர், இன்வாய்ஸ், நீங்கள் இயக்குநர் என்பதைக் காட்டும் அக்ரா பதிவு, வங்கி ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றோடு சப்ளையருக்கு அனுப்புங்கள். இங்கே உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடனாக ஏற வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கஷ்டமானது அந்த 8,600. பணம் அனுப்பும் கடைகளில் பெரும்பாலும் குடும்பச் செலவுக்கு என்றுதான் பதிவாகும். இந்தியாவில் அதற்குக் குறியீடு P1301. ஏற்றுமதிப் பணத்துக்கு வர வேண்டியது P0102, முன்பணமாக இருந்தால் P0103. போதாக்குறைக்குப் பல நேரம் பணம் ரூபாயாக, சப்ளையரின் சேமிப்புக் கணக்கில் போய் விழுந்திருக்கும். அந்த மூன்று ரசீதுகளையும், கடை தரும் பரிவர்த்தனை எண்களையும் அனுப்புங்கள். பணம் வந்த வங்கியில் அவர் குறியீட்டை மாற்றக் கேட்டு, பிறகு தன் ஏற்றுமதி வங்கியிடம் கொண்டுபோக வேண்டும். வங்கி ஒப்புக்கொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். வங்கியைக் கேட்காமல், "மறுபடி ஒழுங்காக அனுப்புங்கள், பழைய பணத்தை ஊருக்கு வரும்போது ரொக்கமாகத் தருகிறேன்" என்று அவர் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். இதுவரை காகிதக் குழப்பமாக இருப்பது அன்றைக்கு உண்மையான மீறலாகிவிடும்.

பில் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை என்றால், பணம் வந்துவிட்டது என்ற ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே வங்கி அந்த பில்லை மூடலாம் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி எளிதாக்கியது. 18,600 வெள்ளி அந்த வரம்பைத் தாண்டுகிறது. இதே சரக்கு இரண்டு இன்வாய்ஸாக, இரண்டு ஷிப்மெண்டாக வந்திருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

அடுத்த முறை கம்பெனிக் கணக்கிலிருந்து, இன்வாய்ஸில் அச்சாகியிருக்கும் சப்ளையரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். விவரக் கட்டத்தில் இன்வாய்ஸ் எண்ணையும் சரக்குக்கான பணம் என்பதையும் எழுதுங்கள். கட்டணம் யாருடையது என்ற இடத்தில், இருவரும் பகிர்வதைக் குறிக்கும் SHA என்றிருப்பதை, முழுவதும் நீங்களே ஏற்பதைக் குறிக்கும் OUR என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் வழியிலுள்ள வங்கிகள் 20, 30 வெள்ளி பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் குறையாலேயே பில் திறந்து கிடக்கும். உடைந்த பாத்திரத்துக்காகத் தொகையைக் கழிப்பதானால் நீங்களே கழித்து அனுப்பாமல், சப்ளையரிடம் கிரெடிட் நோட் வாங்கிய பிறகு அனுப்புங்கள். அந்தக் குறைப்பை அவர் தன் வங்கியில் பதிய அது வேண்டும்.