தேர்ட் ஏசிதான் தகுதி, போனது செகண்ட் ஏசியில்: எவ்வளவு கிடைக்கும்?

"நான் காரைக்குடியில் மத்திய அரசு அலுவலகத்தில் லெவல் 4. சென்னைக்கு அலுவலக வேலையாகப் போய்த் திரும்பும்போது தேர்ட் ஏசி கிடைக்காமல் செகண்ட் ஏசியில் வந்தேன். முழுப் பணமும் கிடைக்குமா? டிக்கெட் என்று எதைக் கொடுக்க வேண்டும்?"

முழுப் பணம் கிடைக்காது, தேர்ட் ஏசி கட்டண அளவுக்குக் கிடைக்கும். 2017 ஜூலையில் வந்த உத்தரவுப்படி லெவல் 5 வரை முதல் வகுப்பு, தேர்ட் ஏசி, ஏசி சேர் கார்; லெவல் 6 முதல் 8 வரை செகண்ட் ஏசி. மாநில அரசு ஊழியர்களுக்கு விதி வேறு.

இந்தத் தகுதி ஓர் உச்சவரம்புதான். போகும்போது பல்லவனில் சேர் காரில் போயிருந்தால், அதற்குக் கொடுத்த பணம்தான் வரும்; தேர்ட் ஏசி கட்டணத்தைக் கேட்க முடியாது. திரும்பி வந்த இரவு வண்டியில் செகண்ட் ஏசிக்கு 1,000 ரூபாய், அதே வண்டியில் தேர்ட் ஏசிக்கு 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் 700 எழுதுங்கள், மீதி 300 உங்கள் கைக்காசு.

அந்த 700 எங்கிருந்து வந்தது என்று பில் பார்ப்பவர் கேட்பார். உங்கள் டிக்கெட்டில் செகண்ட் ஏசி கட்டணம் மட்டும்தானே இருக்கும்? அதனால் அதே வண்டி, அதே ஊர்களுக்கு 3A கட்டணம் தெரியும் திரையை அச்சிட்டு, டிக்கெட்டோடு இணைத்துவிடுங்கள். இதைப் புக் செய்யும்போதே எடுத்து வைப்பது நல்லது. பிறகு பார்த்தால் கட்டணம் மாறியிருக்கலாம், அப்புறம் அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும்.

டிக்கெட் விஷயத்தில் நானே ஒருமுறை அடிபட்டேன். காத்திருப்பில் இருந்த அன்றே இறக்கி வைத்த மின் டிக்கெட்டை அப்படியே பில்லில் வைத்தேன். அதில் WL என்றுதான் இருந்தது. சார்ட் போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருக்கும் மின் டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். ஆகவே அந்தத் தாள் பயணம் செய்ததற்குச் சான்றாகாது என்று பில் திரும்பி வந்தது. நியாயம்தான். அதற்குள் PNR எண்ணைப் போட்டுத் தேடினாலும் தளத்தில் எதுவும் வரவில்லை; பயணம் முடிந்து சில நாளில் அந்த விவரம் போய்விடும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பழைய டிக்கெட் பட்டியலைத் திறந்து, CNF என்று தெரியும் சீட்டைத் திரும்ப அச்சிட்டுக் கொடுத்த பிறகே பில் பாஸானது. அன்று முதல் சார்ட் வந்ததும் இன்னொரு முறை இறக்கிக்கொள்கிறேன். அடுத்தவர் கணக்கில் புக் செய்வதையும் விட்டுவிட்டேன், அந்தப் பட்டியல் நம் கையில் இருக்காது.

கவுண்டர் டிக்கெட் என்றால் அசல்தான் பில்லோடு போகும். ஒட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து 60 நாளுக்குள் பில்லைக் கொடுத்துவிடுங்கள்.